மூணு புரோக்கர், மூணு ரேட்டு: பலகார யூனிட்டுக்கு இன்சூரன்ஸ் கொட்டேஷன் கேக்குற விதம்

"காரைக்குடி பக்கத்துல சின்னதா பலகார யூனிட் வச்சிருக்கோம், முறுக்கு, சீடை, தேன்குழல், அதிரசம். இன்சூரன்ஸ் ரெனியூவல் வருதுன்னு மூணு புரோக்கர்ட்ட கேட்டேன். ஒருத்தர் 9 ஆயிரம், ஒருத்தர் 22, இன்னொருத்தர் 45ங்குறாங்க. ஒரே யூனிட்டுக்கு எப்படிண்ணே இவ்ளோ வித்தியாசம்? யாரை நம்புறது, எப்படிக் கேக்குறது?"

தம்பி, மூணு பேருல யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டாங்க, ஆளுக்கொரு ஃபேக்டரிய மனசுல நெனச்சுக்கிட்டு ரேட் குடுத்திருக்காங்க, அவ்ளோதான். நீங்க ஃபோன்ல "பலகாரம் போடுறோம், ஒரு கோடிக்குள்ள வரும், ரேட் அனுப்புங்க"ன்னு சொல்லியிருப்பீங்க. 9 ஆயிரம் சொன்னவரு பேங்க் லோனுக்குப் போட்ட பழைய பாலிசிய பாத்து அதே தொகைக்கு, அதுவும் அனேகமா கடை இல்லன்னா குடோன்னு போட்டு வாங்கியிருப்பாரு. 22 சொன்னவரு தயாரிப்பு யூனிட்னு சரியா போட்டிருக்கலாம். 45 சொன்னவரு திருட்டு, மெஷின் பிரேக்டவுன், வேலை நின்னா போற லாபம்னு எல்லாத்தையும் சேத்து பேக்கேஜா குடுத்திருப்பாரு. இதுல எது சீப்புன்னு கேட்டா பதிலே கிடையாது, ஏன்னா மூணும் வேற வேற சாமான்.

நான் இன்சூரன்ஸ் ஆபீஸ்ல இந்த பேப்பரெல்லாம் வாங்கி ரேட் போட்ட பக்கத்துல ரொம்ப வருஷம் இருந்தவன், அதனால அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன். மூணு பக்கத்துக்கு ஒரு குறிப்பு நீங்களே எழுதுங்க. இடம் என்ன, அங்க என்ன நடக்குது, எது எது எவ்ளோ பெறும், எனக்கு என்ன கவர் வேணும், பதில் எந்த வடிவத்துல வேணும். அதை ஒரு எழுத்து மாத்தாம மூணு பேருக்கும் ஒரே நாள்ல அனுப்புங்க. அப்பதான் வர்ற ரேட்டை பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்க முடியும்.

மதிப்புல இருந்து ஆரம்பிக்கிறேன், கிளைம்ல அடி வாங்குறது பெரும்பாலும் அங்கதான். உங்க கணக்கு எனக்குத் தெரியாது, உங்க சைஸ்ல ஒரு யூனிட்டை வச்சே சொல்றேன். 2016ல 22 லட்சத்துக்கு கட்டின ஷெட்டுன்னு வைங்க. அதே ஷெட்டை இன்னைக்கு கட்ட ஒரு மேஸ்திரிகிட்ட எஸ்டிமேட் வாங்கினா 38 லட்சம் வருது. போட வேண்டியது 38. நிலத்தோட மதிப்பை சேக்கக் கூடாது, நெலம் எரியாது. மெஷின்ல ஆடிட்டர் பேலன்ஸ் ஷீட்ல தேய்மானம் போக 9 லட்சம்னு காட்டுவாரு, நிறைய பேரு அதையே எடுத்து எழுதிடுறாங்க. ஆனா அதே முறுக்கு மெஷின், ஃப்ரையர், மாவு மில்லு, பேக்கிங் மெஷின், ஜெனரேட்டர் எல்லாம் இன்னைக்கு புதுசா வாங்கி எறக்கி மாட்டணும்னா 26 லட்சம் ஆகும்னா, ரீஇன்ஸ்டேட்மென்ட் வேல்யூ அடிப்படைல 26தான் போடணும். கோயம்புத்தூர்ல இருந்து லாரி வாடகை, மாட்டிக் குடுக்கிற கூலி எல்லாம் அதுக்குள்ள அடக்கம். வயரிங், பேனல், ரேக், டேபிள் எல்லாம் சேத்து ஒரு 6 லட்சம்.

சரக்குதான் வில்லங்கமானது. மார்ச் 31 கணக்குல சரக்கு 6 லட்சம்னு இருக்கும், ஏன்னா அப்ப சீசனே இல்ல. தீபாவளிக்கு மூணு வாரம் முன்னாடி போய் நின்னு பாருங்க, எண்ணெய் டின்னு, அரிசி மாவு, உளுந்து, வெல்லம், போட்டு வச்ச பலகாரம், அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் ஃபிலிம் ரோலுன்னு 24 லட்சத்துக்கு நிக்கும். எரியிறதும் அனேகமா அந்த நேரத்துலதான், ராத்திரி பகலா அடுப்பு ஓடுறப்ப.

இப்ப நீங்க நடுவாந்தரமா 10 லட்சம்னு சரக்குக்கு போட்டீங்கன்னு வைங்க. தீ புடிச்சு ஒரு பக்கம் மட்டும் எரிஞ்சு 8 லட்சம் நஷ்டம். "நான் 10 போட்டிருக்கேன், நஷ்டம் 8தான், முழுசா வரும்"னு நெனப்பீங்க. நஷ்டத்தைக் கணக்கெடுக்க கம்பெனி அனுப்புற சர்வேயர் வந்து அன்னைக்கு தேதில மொத்த சரக்கு எவ்ளோ இருந்துச்சுன்னு பர்ச்சேஸ் பில்லு, ஜிஎஸ்டி ரிட்டர்னை வச்சு கணக்கு எடுப்பாரு, 24 வரும். 24க்கு 10 போட்டிருக்கீங்க, அதே விகிதத்துலதான் கிளைமும், 8 லட்சத்துல சுமார் 3 லட்சத்து 33 ஆயிரம். மீதி உங்க கைக்காசு. சின்ன யூனிட்டுக்கான பாலிசில 15 சதவீதம் வரைக்கும் குறைவா போட்டிருந்தா கண்டுக்க மாட்டாங்க, அதாவது 24க்கு 21 போட்டிருந்தா முழு 8ம் வந்திருக்கும். ஆனா அந்த சலுகைய நம்பி வேணும்னே குறைச்சுப் போடாதீங்க, விலைவாசி ஏறுற ஏத்தத்துல அது வருஷக் கடைசிக்குள்ள கரைஞ்சு போயிரும்.

போட்டு வச்ச பலகாரத்துக்கு விக்கிற விலைய போடாதீங்க, தயாரிக்க ஆன செலவு மட்டும்தான். லாபம் போகுமேன்னு தோணினா அதுக்கு தனி கவர் இருக்கு, பின்னாடி வரேன். இன்னொண்ணு ஆடிட்டர்கிட்ட கேக்க வேண்டியது: சரக்கு எரிஞ்சு போனா அதுக்கு எடுத்த ஜிஎஸ்டி இன்புட் கிரெடிட்ட திருப்பிக் கட்டணும், சட்டத்துல 17(5)(h)ன்னு பிரிவு. அப்ப அந்த வரியும் உங்களுக்கு நஷ்டம்தான, அதை சரக்கு மதிப்புல சேக்கலாமா, சேத்தா கம்பெனி ஒத்துக்குமான்னு குறிப்புலயே ஒரு கேள்வியா போட்டுடுங்க.

ஆக 38, 26, 6, 24, மொத்தம் 94 லட்சம். ஒரே இடத்துல மொத்த மதிப்பு 5 கோடிக்குள்ள இருந்தா 2021 ஏப்ரல் 1ல இருந்து இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துற அமைப்பான ஐஆர்டிஏஐ கொண்டு வந்த பாரத் சூட்சுமா உத்யம் சுரக்ஷாதான் உங்களுக்கான பாலிசி, 5 கோடிக்கு மேல 50 கோடி வரைக்கும் பாரத் லகு உத்யம் சுரக்ஷா. எந்த கம்பெனில வாங்கினாலும் அடிப்படை வாசகம் ஒண்ணுதான், அதனால "எங்க கம்பெனி பாலிசில எல்லாம் கவராகும்"னு யாராச்சும் பெருமையா சொன்னா கூட என்ன ஆட் ஆன் சேத்திருக்காங்கன்னு மட்டும் கேளுங்க.

அடுத்தது ரிஸ்க்க எழுதுறது. இதுல நம்ம ஆளுங்க ரெண்டு விதமா தப்பு பண்ணுவாங்க, ஒண்ணு எதையும் எழுத மாட்டாங்க, இல்லன்னா நல்லதை மட்டும் எழுதுவாங்க. கேட்டுல நுழையிறதுல இருந்து கடைசி சுவரு வரைக்கும் நடந்துக்கிட்டே எழுதுங்க. சுவரு செங்கல்லா, கூரை இரும்பு டிரஸ்ல தகர ஷீட்டா, ஷெட்டு பக்கத்துல வெறகு அடுக்க தென்னங்கீத்துல சாப்பு எறக்கியிருக்கீங்களா. அந்த கீத்து சாப்பு இருந்தா அதை மறைக்காதீங்க, ஏன்னா கீத்துக்கூரைன்னாலே ரேட்டும் வேற, சில கம்பெனி வேண்டாம்னே சொல்லிடும். என்னைக் கேட்டா ரெனியூவலுக்கு முன்னாடியே அதைப் பிரிச்சுட்டு ஷெட்ட விட்டுத் தள்ளி தகரத்துல ஒண்ணு போட்டுக்கோங்க, அதுக்கு ஆகுற செலவு பெருசில்ல.

அடுப்பைப் பத்தி மட்டும் அரைப் பக்கம் எழுதுங்க, உங்க யூனிட்டோட ரிஸ்க்கே அதுதான். எத்தனை கடாய், ஒவ்வொண்ணுலயும் எத்தனை லிட்டர் எண்ணெய், சீமைக்கருவேல வெறகா கேஸா, சூடு ஒரு அளவுக்கு மேல போனா தானா கட் ஆகுற தெர்மோஸ்டாட் இருக்கா இல்லையா, மேல புகைபோக்கி ஹூடும் டக்டும் இருந்தா எப்ப கடைசியா எண்ணெய்ப் பிசுக்கு சுரண்டினீங்க. இந்த டக்டு பிசுக்கு ரொம்ப மோசமானது, கடாய்ல கெளம்புன தீ டக்டு வழியா கூரைக்கு ஏறிடும், கீழ அணைச்சாச்சுன்னு நிக்கிறப்ப மேல எரிஞ்சுக்கிட்டிருக்கும். தீயணைப்பான் எத்தனை, என்ன வகை, ரீஃபில் பண்ண தேதி. எண்ணெய்த் தீக்கு தண்ணி ஊத்தவே கூடாது, பெரிய கடாய் எண்ணெய்த் தீக்குன்னே வெட் கெமிக்கல் வகை வருது, அது ஒண்ணு அடுப்பு பக்கத்துல இருந்தா எழுதுங்க, கம்பெனில ரேட் போடுற அண்டர்ரைட்டர் கண்ணுல அது படும்.

கேஸ்ல 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் எத்தனை ஒரே நேரத்துல இருக்கும்னு எழுதணும். எல்பிஜி 100 கிலோ வரைக்கும் லைசென்ஸ் இல்லாம வச்சுக்கலாம், அஞ்சு சிலிண்டர்னா 95 கிலோ, ஆறாவது வந்தா தாண்டிடும். தீபாவளிக்கு கூடுதலா எறக்கி வைக்கிற பழக்கம் இருந்தா இப்பவே அதைச் சரி பண்ணிக்கோங்க, கிளைம் நேரத்துல சர்வேயர் எண்ணுற முதல் விஷயங்கள்ல அதுவும் ஒண்ணு.

ஒரு விலக்கு உங்களுக்குன்னே எழுதின மாதிரி இருக்கு. சூடு பண்றதுக்கோ காயப்போடுறதுக்கோ உட்படுத்தின பொருள், அந்த வேலையாலயே சேதமானா அந்தப் பொருளுக்கு காசு கிடையாது. அதாவது கடாய்ல கிடந்த முறுக்கும் எண்ணெயும் கருகினா அது கவர் இல்ல, அங்க இருந்து தீ பரவி ஷெட்டும் மத்த சரக்கும் எரிஞ்சா அது கவர். ஃப்ரையர் மெஷின் அதுல எந்தப் பக்கம் வரும்னு கிளைம்ல வாக்குவாதம் வர வாய்ப்பு இருக்கு, அதனால "ஃப்ரையர்ல தொடங்குற தீயால ஃப்ரையருக்கே ஆகுற சேதம் கவர் ஆகுமா, கம்பெனிகிட்ட எழுத்துல வாங்கித் தாங்க"ன்னு மூணு புரோக்கர்கிட்டயும் கேளுங்க. இந்த ஒரு கேள்விக்கு வர்ற பதிலே எந்த புரோக்கருக்கு விஷயம் தெரியும்னு காட்டிக் குடுத்திரும். அதே மாதிரி ஸ்டீம் பாய்லர் வச்சிருந்தா, அது வெடிச்சா பாய்லருக்கு ஆகுற சேதம் இதுல வராது, தனி பாலிசி. ஷார்ட் சர்க்யூட்ல கருகின மோட்டாருக்கும் வராது, அதுல இருந்து பரவின தீக்கு வரும்.

இடத்தைப் பத்தி நம்ம ஊருக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு. அடுப்பு ஷெட்டுல, ஆனா பேக்கிங்கும் ஸ்டாக்கும் பக்கத்துத் தெருவுல ஒரு பழைய வீட்டுல, பங்காளிங்க ஏழெட்டுப் பேருக்கு பாத்தியம், எல்லாரும் சென்னைலயும் மலேசியாலயும், வாய்வார்த்தைல வாடகை. இப்படி நடக்குற யூனிட்டு நெறைய. அந்த வீடு உங்களுது இல்ல, அதனால வீட்டுக்கு உங்க பேர்ல கட்டடமா இன்சூரன்ஸ் போட்டா கிளைம்ல நிக்காது, அது ஓனருங்க போட வேண்டியது. ஆனா உள்ள இருக்கிற உங்க சரக்கும், நீங்க காசு போட்டு செஞ்ச ரேக்கு, வயரிங்கும் உங்களுது, அதைப் போடலாம். ஒரு பக்கத்துக்கு வாடகை ஒப்பந்தம் எழுதி வச்சுக்கோங்க. அந்த வீட்டோட கதவு எண், தெருவோட ரெண்டாவது லொக்கேஷனா தனியா எழுதணும், எழுதலன்னா அங்க எரியிற சரக்குக்கு ஒரு ரூபா வராது. சரக்கு ரெண்டு இடத்துக்கும் போய் வந்துக்கிட்டே இருந்தா, எங்க எவ்ளோன்னு பிரிச்சுப் போடாம ஃப்ளோட்டரா ஒரே 24 லட்சத்துக்கு கேளுங்க. கூரை தேக்கு மரச்சட்டத்துல ஓடு, முத்தம் திறந்த வெளி, சமையல் எதுவும் இல்லன்னும் எழுதுங்க. ரெண்டு இடத்துக்கும் ஃபோட்டோ வைங்க, வெளிய, உள்ள, அடுப்பு, பேனல், சரக்கு அடுக்கின விதம்.

மழை, காத்து பத்தி ரெண்டு வரி போதும்: கண்மாய் எவ்ளோ தூரம், ஐப்பசி மழைல உள்ள தண்ணி வந்திருக்கா, தரைமட்டம் ரோட்ட விட எவ்ளோ ஒசரம். 2018 நவம்பர்ல கஜா புதுக்கோட்டைப் பக்கத்தை புரட்டிப் போட்டுச்சே, அதுல ஷீட்டு பறந்திருந்தா மறைக்காம எழுதுங்க, அப்பறம் என்ன மாட்டி சரி பண்ணீங்கன்னும் எழுதுங்க. கடைசி அஞ்சு வருஷ கிளைம் விவரமும் வேணும், ஒண்ணும் இல்லன்னா இல்லன்னு தெளிவா எழுதணும், வெறுமையா விட்டா அவங்க சந்தேகப்படுவாங்க.

இப்ப என்ன கவர் வேணுங்கிறது. இதை ரெண்டா பிரிச்சு எழுதுங்க, கட்டாயம் வேணுங்கிறது ஒரு பக்கம், தனித்தனியா விலை மட்டும் கேக்குறது ஒரு பக்கம். கட்டாயம்ங்கிறதுல அடிப்படை பாலிசியும் திருட்டும் போதும். திருட்டுன்னா பூட்டை ஒடைச்சு, பலவந்தமா உள்ள வந்த திருட்டுதான், வேலையாள் பையில போட்டுக்கிட்டுப் போறது அதுல வராது. விலை மட்டும் கேக்குற பக்கத்துல, பேக்கிங் மெஷினுக்கும் ஃப்ரையருக்கும் மட்டும் பிரேக்டவுன், அப்பறம் தீயால வேலை நின்னா போற லாபம். இந்த ரெண்டாவதை நான் யோசிச்சுப் பாக்கச் சொல்லுவேன், ஏன்னா புரட்டாசில எரிஞ்சா ஷெட்டுக்கு காசு வரலாம், ஆனா தீபாவளி போயிரும், கூலியும் பேங்க் வட்டியும் நிக்காது. அதுக்கு நிகர லாபமும் நிக்காத செலவும் எவ்ளோன்னு ஆடிட்டர் ஒரு தொகை குடுக்கணும், திரும்ப ஓட எத்தனை மாசம் ஆகும்னும் சொல்லணும், ஆறு மாசம்னு கேட்டு ஆரம்பிங்க. வேலையாட்கள் ஈஎஸ்ஐல இருந்தா அவங்களுக்கு தனியா காம்பன்சேஷன் பாலிசி வேண்டாம், ஈஎஸ்ஐல வராதவங்க இருந்தா அவங்க எண்ணிக்கையும் சம்பளமும் எழுதுங்க.

பேங்க் லோன் இருந்தா, லோன் தொகைக்கு மட்டும் பேங்க்ல ஒரு பாலிசி ஓடிக்கிட்டிருக்கும். அதை விட்டுட்டு தனியா இன்னொண்ணு போட்டா ரெண்டு கம்பெனியும் கிளைம பங்கு போட்டுக்க ஆரம்பிக்கும், காகிதம் ரெண்டு மடங்கு. மேனேஜர்கிட்ட பேசி, முழு மதிப்புக்கு ஒரே பாலிசி, பேங்க் பேரு ஏத்தின அக்ரீட் பேங்க் கிளாஸோடன்னு கேளுங்க, குறிப்புலயும் அதை எழுதுங்க.

இனி அனுப்புறது. புரோக்கருக்கு ஐஆர்டிஏஐ லைசென்ஸ் நம்பர் இருக்கணும், அவங்க வெப்சைட்ல பாத்துக்கலாம். ஏஜென்ட்டு கம்பெனியோட ஆளு, புரோக்கரு சட்டப்படி உங்க பக்கத்து ஆளு, கமிஷன் மட்டும் கம்பெனி குடுக்கும். "என் கமிஷன்ல பாதி உங்களுக்கு"ன்னு யாராச்சும் சொன்னா ஒதுங்கிடுங்க, இன்சூரன்ஸ் சட்டம் 41வது பிரிவுல அது தடை.

ரொம்ப பேரு சறுக்குற எடம் இது: மூணு புரோக்கரும் ஒரே கம்பெனிக்குப் போறது. ஒரே யூனிட்டு மூணு வழில வந்து, ஒருத்தர் 60 லட்சம்னும் ஒருத்தர் 94ன்னும் போட்டிருந்தா, அண்டர்ரைட்டர் எல்லாத்தையும் ஓரமா வச்சுட்டு "மேண்டேட் லெட்டர் யாருக்கு இருக்கு"ன்னு, அதாவது உங்க சார்பா பேச யாருக்கு எழுதிக் குடுத்திருக்கீங்கன்னு கேப்பாரு, இல்லன்னா முதல்ல வந்தவருக்கு மட்டும் ரேட் குடுப்பாரு. அதனால யாரு எந்த கம்பெனிக்குப் போகலாம்னு நீங்களே பிரிச்சுக் குடுங்க. ஆளுக்கு மூணு நாலு கம்பெனி, அதுல நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா மாதிரி ஒரு அரசுக் கம்பெனியும் இருக்கட்டும். சில புரோக்கர் முதல் நாளே "எங்களுக்கு மட்டும் மேண்டேட் குடுங்க"ன்னு லெட்டர்ல கையெழுத்து கேப்பாங்க, அவசரப்பட்டுப் போடாதீங்க. குடுக்கணும்னா கம்பெனி பேர் போட்டு, ரேட் கேக்க மட்டும், இந்த தேதி வரைக்கும்னு எழுதிக் குடுங்க. மெயில் இப்படி இருந்தா போதும்:

"இணைப்பில் உள்ள குறிப்பு மூன்று புரோக்கர்களுக்கும் ஒன்றாகவே அனுப்பப்படுகிறது. நீங்கள் அணுக வேண்டிய கம்பெனிகள் கீழே உள்ளன, மற்றவற்றை அணுக வேண்டாம். குறிப்பில் உள்ள மதிப்பையோ தொழில் விவரத்தையோ மாற்றாமல் கொட்டேஷன் வாங்கித் தரவும். ஏதாவது ஊகித்திருந்தால் அதைத் தனியாக எழுதவும். கம்பெனி தரும் கொட்டேஷனை அப்படியே இணைக்கவும்."

கடைசி வரி முக்கியம், புரோக்கர் தட்டச்சு பண்ணின டேபிள் மட்டும் போதாது, கம்பெனியோட காகிதம் வேணும். ரெனியூவலுக்கு 45 நாள் முன்னாடி அனுப்பினா நல்லது, சில கம்பெனி ஆள் அனுப்பி இடத்தைப் பாக்கும். ரெண்டாவது வாரத்துல யாராச்சும் கேள்வி கேட்டா பதிலை மூணு பேருக்கும் அனுப்புங்க. ஒரு கேள்வியும் கேக்காம மறுநாளே ரேட் அனுப்புறவரு குறிப்பைப் படிச்சிருக்க மாட்டாரு.

பதில் வந்ததும் பிரீமியத்தைப் பாக்குறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க. முதல்ல தொழில்னு என்ன போட்டிருக்கு, பலகாரத் தயாரிப்பா இல்ல குடோனா. குடோன்னு போட்டு வாங்கின சீப் ரேட்டு, சர்வேயர் கடாயைப் பாத்த அன்னைக்கு தகராறாகும். ரெண்டாவது, ஒவ்வொரு ஐட்டத்துக்கும் உங்க தொகை அப்படியே இருக்கா, ஏன்னா பிரீமியத்தைக் குறைக்க சரக்கை 24ல இருந்து 15 ஆக்கிட்டு சொல்லாம விடுற வழக்கம் உண்டு. மூணாவது வாரண்டி, அதாவது நீங்க கடைப்பிடிக்கிறதா ஒத்துக்குற உறுதிமொழி, அப்பறம் நிபந்தனை, ஒவ்வொரு கிளைம்லயும் நீங்களே ஏத்துக்க வேண்டிய கழிவுத்தொகை. "வேலை முடிஞ்சதும் எல்லா மெயின் சுவிட்சும் ஆஃப்"னு ஒரு வாரண்டி இருந்து உங்ககிட்ட ராத்திரி முழுக்க ஃப்ரீசர் ஓடினா, அதை இப்பவே மாத்தச் சொல்லுங்க. கழிவுத்தொகைல 5 ஆயிரத்துக்கும் 50 ஆயிரத்துக்கும் பிரீமியத்துல எவ்ளோ வித்தியாசம்னு கேளுங்க, சின்ன சேதம் அடிக்கடி வராத யூனிட்டுன்னா கூடுதல் கழிவு எடுத்துக்கிட்டு அந்தக் காசை லாப கவருக்குப் போடலாம்.

இந்த மூணும் ஒரே மாதிரி ஆனதுக்கு அப்பறம் பாத்தீங்கன்னா 9க்கும் 45க்கும் இருந்த இடைவெளி பெரும்பாலும் காணாமப் போயிருக்கும், மிச்சம் இருக்கிற வித்தியாசத்துக்கு பேரம் பேசலாம். பிரீமியத்தை ஜிஎஸ்டி இல்லாம ஒப்பிடுங்க, அந்த 18 சதவீதம் இன்புட்ல எடுக்க முடியுமான்னு ஆடிட்டர் சொல்லுவாரு. பணத்தை கம்பெனி பேர்ல மட்டும் கட்டுங்க, இன்சூரன்ஸ் சட்டம் 64விபி பிரிவுப்படி பிரீமியம் கைக்கு வராம கவர் ஆரம்பிக்காது, "நான் பாத்துக்கிறேன்"னு புரோக்கர் சொன்ன வாய்வார்த்தைக்கு மதிப்பு கிடையாது. பாலிசி வந்த அன்னைக்கே ஷெட்யூலை எடுத்து உங்க குறிப்போட வரி வரியா ஒத்துப் பாருங்க, முக்கியமா அந்த பழைய வீட்டுக் கதவு எண். தப்பா இருந்தா மறுநாளே மெயில் போட்டு அதைத் திருத்தின எண்டோர்ஸ்மென்ட் வாங்கிடுங்க.